மெடிக்கல் கோடிங் ஃப்ரெஷர் ரெஸ்யூமே: அக்யூரசியையும் பயிற்சியையும் எப்படி எழுதுவது?

"ஐசிடி, சிபிடி நன்றாகத் தெரியும். அக்யூரசி 98 சதவீதம்." ஃப்ரெஷர் ரெஸ்யூமேக்களில் அடிக்கடி கண்ணில் படும் வரி இது. என்ன மாதிரி சார்ட், எத்தனை சார்ட், யார் ஆடிட் செய்தார்கள் என்று ஒன்றும் இருக்காது. இன்டர்வியூவில் முதல் கேள்வி அங்கேதான் விழும். அதனால் கேட்டால் கணக்குக் காட்ட முடிகிற வரிகளை மட்டும் வைத்து ஒரு பக்க ரெஸ்யூமே தயாரிப்பது எப்படி என்று பார்ப்போம்.

உதாரணத்துக்கு, பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி முடித்து, ஒரு பயிற்சி மையத்தில் கோடிங் படித்து, சிபிசி தேர்விலும் தேறிவிட்ட ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். வேலை அனுபவம் கிடையாது. ரெஸ்யூமே ஆங்கிலத்தில்தான் போகும். எதை எழுதுவது, ஏன் என்பதை இங்கே தமிழில் சொல்கிறேன்.

படி 1: சான்றிதழ் மேலே வரட்டும்

பெயர், போன், மெயில், ஊர். அதற்கு அடுத்த வரியே சான்றிதழ். சிபிசி தேர்வை நடத்துவது அமெரிக்காவின் ஏஏபிசி அமைப்பு. 100 கேள்விகள், 4 மணி நேரம், தேற 70 சதவீதம் வேண்டும். தேறினாலும், அனுபவம் இல்லாதவருக்குச் சான்றிதழ்ப் பெயரின் பின்னால் 'ஏ' என்ற எழுத்து ஒட்டிக்கொண்டு வரும். அப்ரன்டிஸ் என்பதன் அடையாளம் அது. இரண்டு வருட வேலை அனுபவத்தைக் காட்டினால் அதை எடுத்துவிடுவார்கள்.

அந்த 'ஏ'வை மறைக்க வேண்டாம். உறுப்பினர் எண்ணை வைத்து ஏஏபிசி தளத்திலேயே யாரும் சரிபார்த்துவிடலாம். அங்கே ஒன்றும் ரெஸ்யூமேவில் ஒன்றும் இருந்தால், மற்ற வரிகளையும் நம்ப மாட்டார்கள்.

இன்னும் தேர்வு எழுதாதவர்கள் எந்த மாதம் எழுதப்போகிறோம் என்று போட்டால் போதும். பயிற்சி மையம் தரும் கோர்ஸ் சர்டிஃபிகேட்டை இந்த இடத்தில் வைக்கக் கூடாது, அது பயிற்சிப் பகுதிக்குப் போகட்டும்.

படி 2: கையால் போட்ட கோட் செட் மட்டும்

நம் உதாரணப் பெண் பயிற்சியில் பார்த்தது அவுட்பேஷன்ட் சார்ட்டுகள். அவர் எழுத வேண்டியது இவ்வளவுதான்:

```
CPC-A (AAPC)
ICD-10-CM | CPT | HCPCS Level II
Modifiers: 25, 59, 26, LT, RT
```

முதல் செட் நோய்க்கு, இரண்டாவது டாக்டர் செய்த சிகிச்சைக்கும் பரிசோதனைக்கும், மூன்றாவது மருந்து, உபகரணம், ஆம்புலன்ஸ் போன்றவற்றுக்கு. பலர் இதோடு ஐசிடி-10-பிசிஎஸ்ஸையும் சேர்த்துவிடுகிறார்கள். அது ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆன நோயாளிக்குச் செய்யும் ப்ரொசீஜருக்கான செட். ஏழு எழுத்துகளையும் டேபிளிலிருந்து ஒவ்வொன்றாகக் கட்டிப் பழகாதவர்கள் அதை எழுதாமல் விடுவதே நல்லது.

நட்சத்திரக் குறி, சதவீதப் பட்டை எல்லாம் வேண்டாம். சிபிடியில் 'நாலு ஸ்டார்' என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. பெயர்களை மேலே உள்ளபடி ஹைஃபனோடு டைப் செய்யுங்கள். ஹெச்.ஆர். தேடும்போது அந்தச் சொல்லைத்தான் தேடுவார்.

படி 3: அக்யூரசியைக் கணக்கோடு எழுதுங்கள்

இதற்குக் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். ஒரே வேலைக்கு இரண்டு அக்யூரசி வரலாம். அவர் பயிற்சியின் கடைசித் தொகுப்பில் 50 சார்ட் போட்டார், விடைத்தாளின்படி மொத்தம் 180 கோட் வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆடிட்டில் 6 கோட் தப்பு, 3 கோட் விடுபட்டிருக்கிறது.

```
(180 - 9) / 180 = 95%
```

இது கோட் கணக்கு. அந்த 9 பிழைகளும் 8 சார்ட்டுகளில் இருந்தன என்றால், பிழையே இல்லாத சார்ட் 42. சார்ட் கணக்கில் அது 84 சதவீதம்தான். இரண்டுமே உண்மை. எந்தக் கணக்கு என்று சொல்லாமல் வெறும் சதவீதத்தைப் போட்டால்தான் சிக்கல்.

விடுபட்ட கோடைப் பிழையாக எண்ணாமல் விடுவதும் அடிக்கடி நடக்கிறது. போட்ட 177 கோடில் 171 சரி என்று எண்ணினால் 96.6 சதவீதம் வரும். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் வேலையில் ஆடிட்டர் அப்படி எண்ண மாட்டார்.

ஆகவே ரெஸ்யூமே வரியில் நான்கு விஷயம் இருக்கட்டும்: 50 அவுட்பேஷன்ட் சார்ட், கோட் அளவில் 95 சதவீதம், ஆடிட் செய்தவர் பயிற்சியாளர், கடைசித் தொகுப்பு. தேர்வு மார்க்கை அக்யூரசி என்று எழுதாதீர்கள். கொடுத்த நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது வேறு, சார்ட்டைப் படித்துத் தானே கோடைக் கண்டுபிடிப்பது வேறு.

படி 4: ப்ராஜெக்ட்டில் ஒரு சார்ட்டாவது ஆழமாக

"500 சார்ட் கோடிங் செய்தேன்" என்பதை விட, எந்த விதியைப் பயன்படுத்தினீர்கள் என்பது அதிகம் பேசும். ஒரு சார்ட் பார்ப்போம். நோயாளிக்கு டைப் 2 சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, நாள்பட்ட சிறுநீரக நோய் ஸ்டேஜ் 3ஏ என்று டாக்டர் எழுதியிருக்கிறார். புதியவர் மூன்றையும் தனித்தனியாக E11.9, I10, N18.31 என்று போட்டுவிடுவார். வர வேண்டியது இது:

```
E11.22  I12.9  N18.31
```

சர்க்கரைக்கும் சிறுநீரக நோய்க்கும், ரத்தக்கொதிப்புக்கும் சிறுநீரக நோய்க்கும் தொடர்பு இருப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது கைட்லைன். டாக்டர் தொடர்பில்லை என்று தெளிவாக எழுதியிருந்தால்தான் பிரிக்கலாம்.

பயோகெமிஸ்ட்ரி படித்தவர் தடுமாறும் இடமும் இது மாதிரி சார்ட்டில் உண்டு. லேப் ரிப்போர்ட்டில் ஈஜிஎஃப்ஆர் 52 என்று பார்த்ததும் ஸ்டேஜ் 3ஏ என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் டாக்டர் ஸ்டேஜை எழுதாதபோது, லேப் அளவை வைத்து கோடர் ஸ்டேஜ் போடக் கூடாது. டாக்டரிடம் க்வெரி அனுப்ப வேண்டும், இல்லையென்றால் ஸ்டேஜ் குறிப்பிடாத N18.9 தான். இதைத் தெரிந்தவர் ப்ராஜெக்ட் பகுதியில், 'சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, சிறுநீரக நோய் சேர்ந்த சார்ட்டுகளில் காம்பினேஷன் கோடிங், க்வெரி தேவைப்படும் இடங்களைக் குறித்தது' என்று ஒரு வரி எழுதலாம். இன்டர்வியூ எடுப்பவர் அதைப் பிடித்துக்கொண்டு கேட்பார், உங்களுக்கும் பதில் இருக்கும்.

பயிற்சி சார்ட்டின் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் எங்கேயும் இணைக்காதீர்கள். நோயாளி விவரத்தை வெளியே காட்டுவது அமெரிக்காவின் ஹிப்பா சட்டத்தோடு மோதும் விஷயம். நீங்கள் அனுப்பியது டம்மி சார்ட்டா நிஜமா என்று படிப்பவருக்குத் தெரியாது.

படி 5: பட்டப்படிப்பு சுருக்கமாக

பட்டம், கல்லூரி, ஆண்டு, சதவீதம். அதன் கீழே மனித உடலியல், கிளினிக்கல் பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி போல கோடிங்குக்கு உதவும் இரண்டு மூன்று பாடங்கள். மூலிகைச் சாறு பற்றிய கல்லூரி ப்ராஜெக்ட்டுக்கு ஒரு வரி போதும்.

அப்புறம், எந்த ஆண்டின் புத்தகத்தில் பயிற்சி எடுத்தீர்கள் என்பதையும் கோட் செட் வரியில் சேர்த்துவிடுங்கள். ஐசிடி கோடுகள் அக்டோபர் 1 அன்றும், சிபிடி ஜனவரி 1 அன்றும் மாறும். போன வருடம் படித்துவிட்டு இந்த வருடம் விண்ணப்பிப்பவர், இடையில் தான் பயிற்சி எடுத்த கோடுகளில் என்ன சேர்ந்தது, என்ன நீங்கியது என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு ஆண்டைத் திருத்தலாம்.