சலம் காட்டும் நிறம் இரத்தத்தின் நிலை அல்ல

கோண்டாவிலில் இருக்கும் என் மாமாவுக்கு 68 வயது. பிரஷருக்கு மருந்து எடுக்கிறார். காரத் தண்ணீர் மெஷின் விற்க வந்த ஒருவர் அவரிடம் பிஎச் பார்க்கும் தாள் கட்டொன்றையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பிஎச் 7க்குக் கீழே என்றால் அமிலம், மேலே என்றால் காரம். காலையில் சலத்தில் தாளை நனைத்தபோது 5.5 காட்டியது. இரத்தம் அமிலமாகிவிட்டது என்று மாமா பயந்துபோய், அமிலத்தைக் கூட்டும் என்று மீனை நிறுத்தினார். தினமும் காரத் தண்ணீர் குடித்து, அதற்கு மேல் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவும் கரைத்துக் குடித்தார். மூன்றாம் நாள் தாள் 7.5 காட்டியது. "பார்த்தியே, என்ர ரத்தத்தில இருந்த அமிலம் எல்லாம் போயிட்டுது," என்றார்.

இங்கேதான் முதல் தவறு. ஆய்வுகூடத்தில் வேலை செய்வதால் இதைப் பலரிடம் பார்க்கிறேன். சலத்தின் பிஎச் ஏறக்குறைய 4.5 முதல் 8 வரை, சாப்பாட்டுக்கும் நேரத்துக்கும் ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். இரத்தம் அப்படியில்லை, 7.35க்கும் 7.45க்கும் இடையில் இறுக்கமாக நிற்கும். மீனிலும் இறைச்சியிலும் உள்ள புரதம் எரியும்போது உண்டாகும் அமிலத்தைச் சிறுநீரகம் சலத்தோடு வெளியே அனுப்புகிறது. ஆகவே 5.5 என்பது சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்ததன் அடையாளம். பின்னர் வந்த 7.5ம் அதே வேலையின் மறுபக்கம்தான்: குடித்த சோடாவில் தேவைக்கு அதிகமானதை உடல் வெளியே தள்ளியிருக்கிறது.

சரி, காரத் தண்ணீர் வயிற்றுக்குள் போனால் என்ன ஆகிறது? பிஎச் அளவில் ஒரு எண் மாறினால் பத்து மடங்கு வித்தியாசம். பிஎச் 9.5 உள்ள தூய தண்ணீர் ஒரு முழு லீற்றரில் இருக்கும் காரத்தைச் சமன்செய்ய, பிஎச் 1.5 உள்ள இரைப்பைச் சாறு ஒரு மில்லிலீற்றர் போதும். மெஷினுக்குக் கொடுத்த காசெல்லாம் அந்தச் சில துளியில் முடிந்துவிடுகிறது.

எங்கள் ஊர்க்காரர் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. யாழ்ப்பாணம் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிவது கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கும் கல்சியம் பைகார்பனேற்றிலிருந்து வருவது. அந்தப் பைகார்பனேற்றுக்கு, பிஎச் 9.5 உள்ள தூய தண்ணீரைவிடப் பல மடங்கு அமிலத்தைத் தாங்கும் சக்தி இருக்கிறது, கிணற்றுத் தண்ணீரின் பிஎச் அவ்வளவு உயராவிட்டாலும். பிஎச் எண் உயர்வதும் அமிலத்தைத் தாங்குவதும் வேறு வேறு. விற்பவர்கள் நிறத்துளி போட்டுக் காட்டுவது எண்ணை மட்டுந்தான். அதற்காகக் கிணற்றுத் தண்ணீர் குடித்தால் இரத்தம் மாறும் என்று நினைக்க வேண்டாம், அதுவும் மாற்றாது.

இரத்தத்தின் பிஎச்சை நொடிக்கு நொடி பிடித்துவைப்பது மூச்சு. உடலில் உண்டாகும் அமிலத்தின் மிகப் பெரும் பங்கு காபனீரொட்சைட்டாக நுரையீரல் வழியே போகிறது. பயத்தில் வேகமாக மூச்சு வாங்கினால் சில நிமிடங்களிலேயே இரத்தம் காரப்பக்கம் நகர்ந்து, விரல் நுனி கூச்செறியும். மூச்சால் இப்படி மாறும் இரத்தத்தை லீற்றர் கணக்கில் குடித்த காரத் தண்ணீரால் அசைக்க முடியாது.

அப்பச்சோடா விஷயந்தான் எனக்கு உண்மையில் கவலை. ஒரு தேக்கரண்டியில் ஒரு கிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. உலக சுகாதார அமைப்பு ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் எல்லை 2 கிராமுக்குள். பிரஷர் உள்ளவருக்கு உப்பைக் குறை என்று சொல்லிக்கொண்டு இதைக் கொடுக்கக் கூடாது. சிறுநீரகம் பழுதடைந்த சிலருக்கு வைத்தியர்கள் இதே சோடியம் பைகார்பனேற்றைக் குளிசையாகக் கொடுக்கிறார்கள்தான். ஆனால் இரத்தத்தில் பைகார்பனேற் குறைந்திருப்பதைச் சோதித்து அறிந்த பிறகு, அளவு பார்த்து. அந்த நோயாளிகள் "கார உணவு" என்று முருங்கையிலையும் வாழைப்பழமும் இளநீரும் இஷ்டத்துக்கு எடுத்தால் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே குழம்பலாம். மற்றவர்களுக்குக் கீரையும் காய்கறியும் நல்லவை. அந்த நன்மை நார்ச்சத்தாலும் பொட்டாசியத்தாலும் வருவது.

நீரிழிவு உள்ளவர் வாந்தி, வயிற்றுவலியோடு ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு வாங்கினால் அது இரத்தம் உண்மையில் அமிலமாகிற நேரமாக இருக்கலாம். கூடிய அமிலத்தை உடல் மூச்சால் தள்ளப் பார்க்கிறது. அப்போது காரத் தண்ணீரோடு காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே மணிக்கட்டு நாடியில் இரத்தம் எடுத்து, சில நிமிடங்களில் பிஎச் சொல்வார்கள். தாளால் அது முடியாது.

மாமாவை இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். பைகார்பனேற் 25, வழமையான அளவுதான். சிறுநீரகமும் சரி. அப்புறம் சோடாவை நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மாமி மீன் குழம்பு வைத்தா.