பைட்டைத் திருப்பும் முன் அகலத்தைக் கேளுங்கள்

புதிதாகச் சேர்ந்த ஒருவர் எழுதிய ஸ்கிரிப்டைப் போன வாரம் பார்த்தேன். ஹெக்ஸ் எண் ஒன்றைக் கொடுத்தால், லிட்டில் எண்டியன் மெமரியில், அதாவது எண்ணின் கடைசி பைட் முதலில் வரும் மெமரியில், அது எந்த வரிசையில் கிடக்கும் என்று காட்டும் பத்து வரி. பல வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தப்பு, கிட்டத்தட்ட அதே வரியில் இருந்தது.

12345678-ஐ 87654321 என்று இலக்கம் இலக்கமாகத் திருப்புவதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அதை எல்லோரும் ஒருமுறை செய்வார்கள், அன்றைக்கே திருத்திக்கொள்வார்கள். இரண்டு ஹெக்ஸ் இலக்கம் சேர்ந்தால் ஒரு பைட். பைட்டுகள் இடம் மாறும், பைட்டின் உள்ளே இருப்பது மாறாது. 78 56 34 12, அவ்வளவுதான்.

## அகலத்தை மறப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். எண்ணுக்கு அகலம் கிடையாது, மெமரிக்கு உண்டு. 0x1A2B3 என்று தாளில் எழுதும்போது முன்னால் இருக்கும் பூஜ்ஜியங்களை நாம் விட்டுவிடுகிறோம். அதையே நான்கு பைட் இடத்தில் வைத்தால் அது 00 01 A2 B3. திருப்பினால் B3 A2 01 00. தாளில் எழுதாமல் விட்ட பூஜ்ஜியம், மெமரியில் கடைசி பைட்டாக வந்து நிற்கிறது.

இதை மறந்தவர்கள் மூன்று விதமாகத் தப்புவிடுவார்கள். இடதுபக்கத்திலிருந்தே இரண்டிரண்டாக வெட்டினால் 1A, 2B, 3 என்று ஒற்றை இலக்கம் மிஞ்சும். அது எந்த எண்ணுக்கும் பொருந்தாத குப்பை. ஒரு பூஜ்ஜியம் மட்டும் சேர்த்து இரட்டைப்படையாக்கினால் B3 A2 01 என்று மூன்று பைட்டோடு நின்றுவிடும். மூன்றாவது, திருப்பிய பிறகு ஞாபகம் வந்து முன்னால் பூஜ்ஜியம் வைப்பது: 00 B3 A2 01. இது பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆனால் திரும்பப் படித்தால் வேறு எண்.

நான் மாட்டியது இரண்டாவதில். ஒரு ஃபைலின் தலைப்பகுதியை எழுதும் நிரல் அது. முதலில் நான்கு பைட்டில் நீளம், அடுத்து இரண்டு பைட்டில் வகை எண். நீளம் 0x1A2B3, அதாவது 107187. வகை எண் 5. சரியான பைட்டுகளும் என் நிரல் எழுதியதும் இப்படி:

```
சரி:   B3 A2 01 00 05 00
தவறு:  B3 A2 01 05 00
```

படிக்கும் பக்கம் முதல் நான்கு பைட்டை எடுத்து 0x0501A2B3 என்று புரிந்துகொண்டது. 83993267. நூறு கேபி சொச்சம் வரவேண்டிய இடத்தில் எண்பது எம்பிக்கு மெமரி கேட்டது. நான் படிக்கும் நிரலில்தான் கோளாறு என்று நினைத்து இரண்டு நாள் அதையே நோண்டிக்கொண்டிருந்தேன். கோளாறு நீளத்தோடு நிற்கவும் இல்லை. ஒரு பைட் குறைந்ததால் அதற்குப் பின்னால் இருந்த எல்லாமே ஒரு இடம் முன்னால் நகர்ந்துவிட்டன.

ஏன் முன்பே சிக்கவில்லை? சோதனைக்கு நான் வைத்திருந்த எண் 0x12345678. எட்டு இலக்கமும் நிறைந்த எண்ணில் இந்தத் தப்பு தலைகாட்டவே காட்டாது. நம் புதியவரும் அதையேதான் சோதனைக்கு வைத்திருந்தார். 0x5, 0x1A2B3, 0 ஆகிய மூன்றையும் கொடுத்துப் பாருங்கள். நான்கு பைட் இடத்துக்கு மூன்றிலுமே நான்கு பைட் வர வேண்டும்.

பைத்தானில் சரத்தை வெட்டி ஒட்டவே வேண்டாம்:

```python
n = 0x1A2B3
print(n.to_bytes(4, "little").hex(" "))
# b3 a2 01 00
```

இங்கே அகலத்தைக் கையால் எழுத வேண்டியிருப்பதே எனக்குப் பிடிக்கும். எண் நான்கு பைட்டில் அடங்காவிட்டால் பிழை சொல்லி நின்றுவிடும், சத்தமில்லாமல் வெட்டாது. சரமாகத்தான் செய்வேன் என்றால், `hex()` முன்பூஜ்ஜியம் தராது; `format(n, "08x")` தரும். சி மொழியில் `%x`-க்கு பதில் `%08x`.

## கழித்தல் எண்

`to_bytes`-இல் `signed=True` சேருங்கள். நான்கு பைட்டில் -2 என்றால் fe ff ff ff.

## எழுத்துச் சரம்

திருப்பாதீர்கள். ASCII சரத்தில் ஒவ்வொரு எழுத்தும் தனி பைட், UTF-8-இல் தமிழ் எழுத்துக்குப் பல பைட்; இரண்டிலும் பைட்டுகள் எழுதிய வரிசையிலேயே இருக்கும்.

## திருப்பியதையே மறுபடி திருப்புவது

எழுதிய ஃபைலைச் சரிபார்க்க வெறும் `hexdump` ஓட்டினால், அது இரண்டிரண்டு பைட்டாகச் சேர்த்து எண்ணாகப் படித்துக் காட்டும். லினக்ஸில் ஓடும் எந்த ELF ஃபைலும் 7f 45 4c 46 என்றுதான் தொடங்கும். லிட்டில் எண்டியன் கணினியில் அதை இப்படிக் காண்பீர்கள்:

```
$ hexdump -n 4 /bin/ls
0000000 457f 464c
0000004
```

இதைப் பார்த்துவிட்டு, நிரல் தப்பாகத் திருப்பிவிட்டது என்று நினைத்து சரியாக இருந்த நிரலைக் கெடுத்தவர்கள் உண்டு. `hexdump -C` அல்லது `xxd` ஓட்டினால் பைட்டுகள் கிடக்கிற வரிசையிலேயே தெரியும்.