P0411: காலைக் குளிரில் மட்டும் எரியும் செக் எஞ்சின் விளக்கு. செகண்டரி ஏர் பம்பைச் சோதிப்பது எப்படி?

வண்டி நன்றாக ஓடுகிறது. இழுவை குறையவில்லை, பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கவில்லை. ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்து கொஞ்ச தூரம் போவதற்குள் செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரை மாட்டினால் P0411, அதாவது செகண்டரி ஏர் பம்பின் காற்று சரியாகப் போகவில்லை என்ற குறியீடு. குறியீட்டை அழித்துவிட்டு பகலெல்லாம் ஓட்டினாலும் திரும்ப வருவதில்லை. ஓரிரு நாள் காலையில் எடுத்ததும் மறுபடி வந்துவிடுகிறது.

என்னுடைய 1.8 லிட்டர் டர்போ ஜெர்மன் காரில் இதே கதைதான். பம்பு, வால்வு, ஃபியூஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துச் சரிசெய்துவிட்டேன். அந்த வரிசையை இங்கே எழுதுகிறேன். சில கார்களில் இதே கோளாறு P0410, P0491 என்ற குறியீடுகளாகவும் வரும். சோதிக்கும் முறை ஏறக்குறைய ஒன்றுதான்.

ஏன் காலையில் மட்டும்?

குளிர்ந்த எஞ்சினுக்கு பெட்ரோல் கலவை கெட்டியாக வேண்டும். பெட்ரோல் சரியாக ஆவியாகாததால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ கூடுதலாகவே விடுகிறது. அதில் ஒரு பங்கு எரியாமல் புகைக்குழாய்க்குப் போகிறது. அதை எரிக்க வேண்டிய கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரோ சுமார் 300 டிகிரி சூடாகும்வரை பெரிதாக வேலை செய்யாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் இந்த செகண்டரி ஏர் பம்பு. எக்ஸாஸ்ட் வால்வுக்குப் பின்னால் வெளிக்காற்றை ஊதுகிறது. எரியாத பெட்ரோலும் கார்பன் மோனாக்சைடும் அந்தக் காற்றோடு சேர்ந்து குழாயிலேயே எரிகின்றன. புகை குறைகிறது, அந்தச் சூட்டில் கன்வெர்ட்டரும் சீக்கிரம் வேலைக்கு வருகிறது.

இந்த வேலை ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். என்னுடைய எஞ்சின் வகையில் கூலண்ட் ஏறக்குறைய 5 முதல் 33 டிகிரிக்குள் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால்தான் பம்பு முழு நேரம் ஓடும். மற்ற தயாரிப்புகளில் மேல் எல்லை கொஞ்சம் கூடலாம். பம்பு ஓடும்போதுதான் ஈசியூ அதைச் சோதிக்கவும் முடியும். முன்பக்க ஆக்சிஜன் சென்சார் சூடானதும், புகையில் காற்று கூடியிருக்கிறதா என்று அதைக் கேட்கிறது. கூடவில்லை என்றால் கோளாறு என்று குறித்துக்கொள்கிறது. பெரும்பாலான கார்களில் தொடர்ந்து இரண்டாவது முறையும் சோதனை தோற்றால்தான் விளக்கு எரியும். குறியீட்டை அழித்த மறுநாள் தப்பித்து அதற்கடுத்த நாள் விளக்கு வருவதற்குக் காரணம் இதுதான்.

நான் இருக்கும் டொராண்டோவில் இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஜனவரியில் மைனஸ் 15 டிகிரியில் எடுக்கும்போது இந்தக் குறியீடு வருவதே இல்லை. கூலண்ட் 5 டிகிரிக்கும் கீழே இருப்பதால் ஈசியூ பம்பை ஓட்டுவதும் இல்லை, சோதிப்பதும் இல்லை. ஏப்ரல், அக்டோபர் காலைகளில்தான் விளக்கு வரும். குளிர்காலத்தில் விளக்கு அணைந்திருந்தால் கோளாறு தானாகச் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

படி 1: காதால் கேளுங்கள்

ராத்திரி முழுவதும் நின்ற வண்டியில்தான் இதைச் செய்ய வேண்டும். பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, வேறு யாரையாவது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். பம்பு ஓடினால் வேக்குவம் கிளீனர் போல ஓர் இரைச்சல் கேட்கும், ஒரு நிமிடத்துக்கு மேல் நீடித்து நின்றுவிடும். இரைச்சல் இல்லை என்றால் படி 2. இரைச்சல் இருந்தும் குறியீடு வந்தால் நேராகப் படி 3.

அதற்கு முன் ஸ்கேனரில் ஃப்ரீஸ் ஃபிரேம் என்ற பகுதியைப் பாருங்கள். குறியீடு விழுந்த நொடியில் எஞ்சின் எந்த நிலையில் இருந்தது என்று அது சொல்லும். எனக்கு கூலண்ட் 12 டிகிரி, வண்டி நின்ற நிலை என்று இருந்தது. ஃப்ரீஸ் ஃபிரேமும் நேரலை அளவுகளும் காட்டாத ஸ்கேனரை வாங்காதீர்கள். குறியீட்டை மட்டும் காட்டுகிற மலிவுக் கருவி இந்த வேலைக்குப் போதாது.

படி 2: பம்பு ஓடவில்லை என்றால்

முதலில் ஃபியூஸ். இந்தப் பம்பு நிறைய கரண்ட் இழுக்கும் என்பதால் பெரிய ஃபியூஸ் தனியாக இருக்கும், பல கார்களில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே. அது போயிருந்தால் புதிது போட்டு விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் பம்பு இறுகிப்போனதால்தான் போயிருக்கும், புதியதும் போகும்.

ஃபியூஸ் நன்றாக இருந்தால் ரிலே. காலையில் ஸ்டார்ட் ஆனதும் பம்பின் கனெக்டரில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். மல்டிமீட்டர் மட்டும் போதாது, ஒரு ஹெட்லைட் பல்பை மாட்டிப் பாருங்கள். கருகிய ரிலே மீட்டரில் 12 வோல்ட் காட்டும், பல்பு கேட்கும் கரண்டைத் தராது.

அப்புறம் பம்பு. கனெக்டரைக் கழற்றிவிட்டு, ஃபியூஸ் வைத்த தடித்த ஒயரால் பேட்டரியிலிருந்து நேராகக் கொடுங்கள். ஓடுகிறதா, வெளியேறும் குழாயில் காற்று கையைத் தள்ளுகிறதா என்று பாருங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம். குறுகிய நேரத்துக்கென்று செய்யப்பட்ட மோட்டார் இது, தொடர்ந்து ஓடினால் எரிந்துவிடும். ரிலே ஒட்டிக்கொண்டால் பம்பு சாவதும் இப்படித்தான். எஞ்சின் சூடான பிறகும் இரைச்சல் நிற்கவில்லை என்றால் உடனே ரிலேயைக் கழற்றிவிடுங்கள்.

படி 3: வால்வு. பலரும் தாண்டிப்போகும் இடம்

இதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு வால்வு இருக்கிறது. ஜெர்மன் கார்க்காரர்கள் கோம்பி வால்வு என்பார்கள். பம்பு ஓடும்போது திறந்து காற்றை உள்ளே விடுவதும், மற்ற நேரத்தில் மூடிக்கொண்டு புகை திரும்பி வராமல் தடுப்பதும் அதன் வேலை. இரண்டாவது வேலையில் அது தவறினால் பம்பு செத்துவிடும். புகையில் நீராவி உண்டு. அது குழாய் வழியாகப் பம்புக்குப் போய்த் தண்ணீராகிறது. துருப்பிடிக்கிறது, குளிரில் உறைந்தும் போகிறது. மோட்டார் இறுகுகிறது, ஃபியூஸ் போகிறது.

என் வண்டியில் ஏற்கெனவே ஒரு வொர்க்‌ஷாப்பில் பம்பை மட்டும் மாற்றியிருந்தார்கள். அந்தப் புதுப் பம்பும் இறுகிப்போயிருந்தது. குழாயைக் கழற்றியதும் துரு நிறத் தண்ணீரும் கரியும் கொட்டின. நல்ல வால்வு என்றால் அந்தக் குழாயில் கரி இருக்கவே கூடாது. எத்தனை பம்பு மாற்றினாலும் வால்வை மாற்றாதவரை அந்தப் பணம் வீண்தான்.

கழற்றாமலே சோதிக்க ஒரு வழி உண்டு. எஞ்சின் சூடாகி ஐட்லிங்கில் இருக்கட்டும், பம்பு ஓடக்கூடாது. வால்வுக்கு வரும் காற்றுக் குழாயை வால்வுப் பக்கம் கழற்றிவிட்டு, வால்வின் வாயருகே ஒரு தாளைப் பிடியுங்கள். தாள் படபடத்தாலோ புகை வாசம் வந்தாலோ வால்வு மூடவில்லை. பக்கத்தில் எக்ஸாஸ்ட் கொதிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

திறக்கிறதா என்று பார்க்க கையால் இயக்கும் வேக்குவம் பம்பு வேண்டும். கேஜ் வைத்ததாகவே வாங்குங்கள். வால்வின் சின்ன மூக்கில் மாட்டி இழுத்தால் முள் ஏறி அப்படியே நிற்க வேண்டும். இறங்கினால் உள்ளே டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. முள் நின்றால் வால்வுக்கு வரும் மெல்லிய வேக்குவம் ஹோஸ்களை வளைத்துப் பாருங்கள். பழைய கார்களில் அவை மொறுமொறுவென்று வெடித்திருக்கும். பம்பு இரைந்தும் P0411 வருகிற வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஹோஸ்தான், அதற்கடுத்து வால்வுக்குப் போகும் வேக்குவத்தை மின்சாரத்தால் திறந்து மூடும் சோலினாய்டு. வேக்குவம் மூக்கே இல்லாத வால்வுகளும் உண்டு, அவை பம்பின் காற்றழுத்தத்தாலேயே திறக்கும். அவற்றுக்குத் தாள் சோதனை மட்டும் செய்யுங்கள்.

படி 4: சரியாகிவிட்டதா என்று அன்றே தெரிந்துகொள்ள

மறுநாள் காலைவரை காத்திருக்க வேண்டியதில்லை. எஞ்சினைச் சூடாக்கி ஐட்லிங்கில் விடுங்கள். ஸ்கேனரில் ஷார்ட் டெர்ம் ஃபியூயல் ட்ரிம் அளவைத் திறந்து வையுங்கள். சாதாரணமாக அது பூஜ்யத்தைச் சுற்றி ஆடும். இப்போது வேக்குவம் பம்பால் வால்வைத் திறந்து வைத்து, பம்புக்குப் பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுங்கள். காற்று எக்ஸாஸ்ட்டுக்குப் போனால் ஆக்சிஜன் சென்சார் கலவை மெலிந்துவிட்டதாக நினைக்கும். ஈசியூ பெட்ரோலைக் கூட்டும், ட்ரிம் மளமளவென்று பிளஸ் பக்கம் ஏறும். பம்பை நிறுத்தியதும் இறங்கிவிடும். ஏறி இறங்கினால் காற்று போகும் பாதை சரி. ஆனால் ரிலேயும் சோலினாய்டும் இதில் சோதிக்கப்படுவதில்லை. அவற்றுக்குக் காலை ஸ்டார்ட்தான் சாட்சி.

பம்பு ஊதுகிறது, வால்வு திறக்கிறது, ஆனாலும் ட்ரிம் அசையவில்லை என்றால் சிலிண்டர் ஹெட்டில் உள்ள காற்றுத் துளைகள் கரியால் அடைத்திருக்கலாம். அதைச் சுத்தம் செய்வது பெரிய வேலை. முதல்முறை செய்கிறவர்கள் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

பின்சேர்க்கை

எல்லாம் மாற்றிய பிறகும் ஸ்கேனரில் செகண்டரி ஏர் சோதனை "முடியவில்லை" என்றே காட்டுகிறது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் வண்டியைச் சூடான கராஜில் வைத்து, தினமும் பலமுறை எடுத்து ஓட்டுகிறவர். கூலண்ட் போதுமான அளவு குளிர்ந்தால்தானே சோதனை நடக்கும்? ஒரு ராத்திரி வெளியே நிறுத்தச் சொன்னேன். காலையில் கூலண்ட் 5 டிகிரிக்கு மேல் இருக்கும் நாளாகப் பார்த்து, ஸ்டார்ட் செய்ததும் நகர்த்தாமல் இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விடச் சொன்னேன். சோதனை முடிந்துவிட்டது.

இன்னொருவர் டொயோட்டா பிக்கப்பில் P2440 வந்து வண்டி வேகமே எடுக்கவில்லை என்று கேட்டிருந்தார். அது வால்வு திறந்தபடி ஒட்டிக்கொண்டதைச் சொல்லும் குறியீடு. அந்த அமைப்பில் வால்வு மின்சாரத்தால் இயங்குகிறது, காற்றழுத்தத்தை அளக்கத் தனி சென்சாரும் இருக்கிறது. அதனால் மேலே சொன்ன வேக்குவம் சோதனை அதற்குப் பொருந்தாது. புகை பம்புக்குத் திரும்பும் ஆபத்து மட்டும் அங்கேயும் அப்படியேதான். வால்வை மாற்றும்போது பம்பையும் கழற்றி உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே மாட்டுங்கள்.