சிக்கன நாளுக்கு ஓர் உண்டியல் பாட்டு: எழுதிப் பழகும் முறை

அக்டோபர் 30-ஐ ஒட்டி, உலக சிக்கன நாளுக்காகப் பள்ளிகளில் சேமிப்பு வாரம் வரும்போது "ஒரு பாட்டு எழுதிக் கொடுங்கள்" என்று கேட்பார்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கைதட்டிப் பாடும்படி பன்னிரண்டு அடியில் ஒரு பாட்டு எழுதும் வழி இது. ஒரு நிமிடத்துக்குள் பாடி முடித்துவிடலாம்.

1. முதலில் பொருளை எடுங்கள்

சிக்கனம், சேமிப்பு, எதிர்காலம் ஆகிய மூன்று சொற்களையும் ஒதுக்கி வையுங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அவை கண்ணில் தெரியாத பொருள்கள். மண் உண்டியல், அதன் துளை, ஒரு ரூபாய்க் காசு, மிட்டாய், பந்து என்றால் தெரியும். பத்துப் பைசா, நாலணா எல்லாம் வேண்டாம். 25 பைசாவும் அதற்குக் கீழுள்ள காசுகளும் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போய்விட்டன. இன்றைய பிள்ளைகள் அவற்றைப் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

ஓசையையும் கவனியுங்கள். காலி மண் உண்டியலில் விழும் முதல் காசு 'டொக்' என்றுதான் கேட்கும். காசு மேல் காசு விழுந்தால்தான் 'கிண்'. பாட்டில் 'கிண்கிண்' வரவேண்டுமானால் தினமும் காசு போடுவதாக ஒரு வரி அதற்கு முன்பே வந்துவிட வேண்டும்.

2. தாளத்தை முடிவு செய்யுங்கள்

அடிக்கு மூன்று சீர் போதும். முதல் இரண்டும் ஈரசைச் சீர், மூன்றாவது 'காய்' என்று முடியும் மூவசைச் சீர். இலக்கணம் மறந்துவிட்டதா? 'தேமா தேமா கூவிளங்காய்' என்று நாலைந்து முறை கைதட்டிச் சொல்லுங்கள். முதல் இரண்டுக்கும் ஆளுக்கொரு தட்டு. மூன்றாவதை இரண்டு தட்டுக்கு நீட்டுங்கள். காதில் அது ஏறிய பிறகே சொல் தேடுங்கள்.

> மண்ணால் செய்த உண்டியலாம்
> கண்போல் மேலே ஒருதுளையாம்
> எண்ணி நாளும் காசிடுவோம்
> கிண்கிண் என்றே சிரித்திடுமாம்

முதல் அடியை 'மண்ணால் செய்யப்பட்ட உண்டியலாம்' என்று எழுதிப் பாருங்கள். பொருள் மாறவில்லை, ஆனால் 'செய்யப்பட்ட' நான்கு அசை ஆகிவிட்டதால் தட்டு தடுமாறும். பிள்ளைகள் பாடும்போது வழக்கமாகச் சறுக்கும் இடம் இதுதான்.

3. எதுகையைப் பிடியுங்கள்

மேலே நான்கு அடியிலும் இரண்டாம் எழுத்து 'ண்'. எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது. முதல் எழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். 'மிட்டாய்'க்கு 'சட்டை' சரி, 'பாட்டு' சேராது. முதலில் ஒரு தாளில் மிட்டாய், சட்டை, குட்டி, விட்டு, கட்டு, பெட்டி என்று எழுதிக்கொண்டு, அதிலிருந்து அடிகளைத் தொடங்குங்கள்.

> மிட்டாய் வாங்கும் காசினிலே
> விட்டு வைப்பேன் ஒருரூபாய்
> சட்டைப் பைக்குள் தூங்காதே
> குட்டிக் காசே உள்ளேபோ!

இந்தப் பத்தியில் பிள்ளை காசைப் பார்த்துப் பேசுகிறது. 'சேமித்திடுவாய் தம்பி' என்று பெரியவர் குரலில் எழுதினால் அது அறிவுரை ஆகிவிடும். பாடும் பிள்ளைக்கு அதில் நடிக்க ஒன்றும் இருக்காது. 'உள்ளேபோ' என்னும்போது விரலால் காசைத் தள்ளுவதுபோல் காட்டச் சொல்லலாம். மிட்டாயை முழுவதும் மறுக்காமல் ஒரு ரூபாயை மட்டும் மிச்சம் பிடித்ததும் வேண்டுமென்றே செய்ததுதான். மிட்டாயே கூடாது என்று சொல்லும் பாட்டை எந்தப் பிள்ளை மனதாரப் பாடும்?

4. கணக்கைச் சரிபாருங்கள்

> வந்த காசைச் சேர்த்துவைத்தேன்
> இந்தா பாரு முந்நூறு
> பந்து மட்டை வாங்கிடவே
> முந்தி நானே ஓடுகிறேன்

நாளுக்கு ஒரு ரூபாய் என்றால் முந்நூறு சேரப் பத்து மாதம் ஆகும். அதனால் 'அடுத்த வாரம்', 'ஒரே மாதம்' போன்ற சொற்களைப் பாட்டில் போடாதீர்கள். நான்காம் வகுப்புப் பிள்ளை உடனே கணக்குப் போட்டுக் கேட்கும். 'லட்சாதிபதி ஆவேன்' என்று முடிப்பதும் இதே தவறு. கடைசிப் பத்தியில் ஒரு ரூபாய்க் காசுகளைக் கொண்டு வாங்கக்கூடிய பொருள்தான் வர வேண்டும்.

5. பிள்ளையின் வாயில் சோதியுங்கள்

எழுதியவரே படித்துப் பார்த்தால் குறை தெரியாது, தடுமாறும் இடத்தைக் குரல் தானாகச் சமாளித்துவிடும். ஒரு பிள்ளையிடம் தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நின்று மூச்சு வாங்கும் சொல்லின் கீழ்க் கோடு போடுங்கள். இங்கே 'சிரித்திடுமாம்' சிக்கினால் 'சிரிக்கிறதாம்' என்று மாற்றலாம். அசை அதேதான், தாளம் கெடாது. 'ஒருரூபாய்' என்பதில் இரண்டு 'ரு' ஓசை அடுத்தடுத்து வருவதால் சின்னப் பிள்ளைகளுக்கு நாக்குப் புரளும். அங்கே 'ஒருகாசு' என்று வைத்துக்கொள்ளலாம்.