ஆட்குறைப்புச் செய்தியை எந்த வரிசையில் சொன்னோம்: என் அனுபவம்

கோவையில் ஒரு பம்ப் தயாரிப்பு நிறுவனத்தில் எச்.ஆர். வேலை எனக்கு. இரண்டு யூனிட்களின் ஸ்டோர்ஸை ஒன்றாக்க முடிவானதும் கேன்டீனில் வதந்தி கிளம்பிவிட்டது. வெள்ளி மாலை மெயில் போட்டுவிடலாம் என்றார் எம்.டி. நான் மறுத்தேன். சனி, ஞாயிறு முழுக்கக் கேள்வி கேட்க ஆளில்லாமல் வீடே தவிக்கும்.

செவ்வாய் காலை சூப்பர்வைசர்களுக்கு முதலில் விளக்கினோம். உடனே, வேலை போகிறவர்களைத் தனித்தனியாக அழைத்தோம். பிறகே பொதுக்கூட்டம். மதியத்துக்குள் எல்லாம் முடிந்ததால் யாருக்கும் அடுத்தவர் வாயால் செய்தி போகவில்லை.

தனிச் சந்திப்பில் முன்னுரை வேண்டாம். “அண்ணே, உங்க வேலை இந்த மாசத்தோட முடியுது” என்பதே முதல் வாக்கியம். அடுத்து, நோட்டீஸ் சம்பளம், கிராஜுவிட்டி, பி.எஃப். விவரம் எழுதிய தாளைக் கையில் கொடுத்தேன். அதிர்ச்சியில் காதில் விழாததை வீட்டில் படித்துக்கொள்வார்கள்.

“நாமெல்லாம் ஒரே குடும்பம்”, “இனி யாரையும் வேலையை விட்டு எடுக்க மாட்டோம்” இரண்டையும் எம்.டி. பேச்சிலிருந்து நீக்கினேன். முதலாவது புண்படுத்தும், இரண்டாவது நம் கையில் இல்லை. ஷிப்ட் நேரம் முடிவாகாததால், பதில் சொல்லும் தேதியை மட்டும் அறிவித்தோம்.

யூனிட் மாறியவர்கள் கேட்டது ஒன்றே: “பழைய சர்வீஸ் சேருமா?” சேரும் என்று மாறுதல் கடிதத்திலேயே எழுதிக் கொடுத்தோம்.