கால், புட் ஆப்ஷன்: லாப நட்ட வடிவத்தை நீங்களே வரைந்து பார்ப்பது எப்படி?

ஆப்ஷன் என்பது உரிமை, கடமையல்ல. கால் வைத்திருப்பவர் வாங்கலாம், புட் வைத்திருப்பவர் விற்கலாம். ஸ்ட்ரைக் விலை, பிரீமியம், காலாவதி நாள் மூன்றும் உங்களுக்குப் பழக்கம் என்று வைத்துக்கொண்டு நேராக வரைபடத்துக்குப் போய்விடலாம். அங்கேதான் பலரும் இடறுகிறார்கள். ஆப்ஷன் கடைசி நாளில் தரும் பணம் வேறு, நமக்கு நிற்கும் லாபம் வேறு. இரண்டையும் ஒரே கோடாக நினைத்துவிட்டால் கைக்கு வரவேண்டிய பணத்தையே விட்டுவிட நேரும்.

படி 1: எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

நம் ஊர்ச் சரக்கையே எடுத்துக்கொள்வோம். புர்சா மலேசியாவில் செம்பனை எண்ணெய் ஃபியூச்சர்ஸுக்கு ஆப்ஷன் உண்டு. ஒரு ஒப்பந்தம் 25 டன். விலை டன் கணக்கில் சொல்லப்படும். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: ஃபியூச்சர்ஸ் விலை 4,000 வெள்ளி, ஸ்ட்ரைக்கும் 4,000, கால் பிரீமியம் டன்னுக்கு 150, புட் பிரீமியமும் 150. ஒரு ஒப்பந்தத்துக்கு நீங்கள் கட்டுவது 150 × 25 = 3,750 வெள்ளி. புரோக்கர் கட்டணம் தனி.

இரண்டு பிரீமியமும் ஒன்றாக இருப்பது தற்செயல் அல்ல. ஃபியூச்சர்ஸ் மீதான ஆப்ஷனில் சந்தை விலையும் ஸ்ட்ரைக்கும் ஒன்றாக நின்றால் கால், புட் இரண்டும் ஏறத்தாழ ஒரே விலைக்குத்தான் போகும். திரையில் பெரிய வித்தியாசம் தெரிந்தால், ஒன்றின் கடைசி விலை பழையதாக இருக்கும், அல்லது இரண்டுக்கும் வேறு வேறு மாதத்தைத் தேர்ந்திருப்பீர்கள். வியாபாரம் மெலிந்த மாதங்களில் கடைசி விலையை நம்பவேண்டாம். வாங்க, விற்கக் கேட்கும் விலைகளைப் பாருங்கள்.

படி 2: கால் வாங்கியவரின் கோடு

கிடைக்கோட்டில் கடைசி நாள் விலை, செங்குத்துக் கோட்டில் லாப நட்டம். விலை 4,000க்குக் கீழே எங்கே நின்றாலும் காலுக்கு மதிப்பில்லை. 3,900 ஆனாலும் 3,200 ஆனாலும் நட்டம் அதே 3,750 தான். ஆகவே இடப்பக்கம் பூஜ்யத்துக்குக் கீழே மட்டமாக ஒரு கோடு. 4,000இல் கோடு முறிந்து மேல்நோக்கித் திரும்பும். அதன்பின் விலை ஒரு வெள்ளி ஏறினால் உங்களுக்கு 25 வெள்ளி. 4,150இல் கோடு பூஜ்யத்தைத் தொடும். அதற்கு மேல் லாபம். 4,400இல் நின்றால் (400 − 150) × 25 = 6,250 வெள்ளி.

கோடு முறியும் இடம் 4,000. நட்டம் தீரும் இடம் 4,150. இந்த இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் நில்லுங்கள். கடைசி நாளில் விலை 4,080 என்று வையுங்கள். "இன்னும் 4,150ஐத் தொடவில்லையே, இதைப் பயன்படுத்தி என்ன ஆகப்போகிறது" என்று தோன்றும். தவறு. 4,080இல் உங்கள் கால் தரும் பணம் 80 × 25 = 2,000 வெள்ளி. கட்டிய 3,750 எப்படியும் போய்விட்டது, அது திரும்பாது. பயன்படுத்தினால் மொத்த நட்டம் 1,750, விட்டுவிட்டால் 3,750. பயன்படுத்துவதா வேண்டாமா என்பதை ஸ்ட்ரைக் தீர்மானிக்கிறது. லாபமா நட்டமா என்பதைப் பிரீமியம் தீர்மானிக்கிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. விலை 4,001இல் நின்றால் கிடைப்பது 25 வெள்ளிதான், புரோக்கர் கட்டணமே அதைத் தின்றுவிடலாம். இன்னொன்று, இந்த ஆப்ஷனைப் பயன்படுத்தினால் எண்ணெய் வீட்டு வாசலுக்கு வராது. ஒரு ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தம் உங்கள் கணக்கில் ஏறும். அதற்கு மார்ஜின் வேண்டும். மார்ஜின் வைக்க விரும்பாதவர்கள் கடைசி நாளுக்கு முன்பே ஆப்ஷனை விற்றுவிடுவது நல்லது.

படி 3: புட்டும், விற்றவரின் கோடும்

புட் இதைக் கண்ணாடியில் பார்த்ததுபோல. 4,000க்கு மேலே எங்கும் மட்டமாக 3,750 நட்டம்; கீழே போகப்போக இடப்பக்கம் ஏறும் கோடு; பூஜ்யத்தைத் தொடுவது 3,850இல். ஒரே வேறுபாடு, விலை பூஜ்யத்துக்குக் கீழே போகாது, ஆகவே புட்டின் லாபத்துக்கு ஒரு உச்சி உண்டு. காலுக்கு இல்லை.

விற்றவரின் கோட்டுக்கு வாங்கியவரின் படத்தை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தால் போதும். கால் விற்றவருக்கு அதிகபட்ச வரவு 3,750. விலை 4,500 ஆனால் 500 × 25 = 12,500 கொடுத்துவிட்டு 8,750 நட்டத்தில் நிற்பார்; விலை ஏற ஏற அது வளரும். விற்பவரிடம் மட்டும் மார்ஜின் கேட்பது இதனால்தான். புதியவர்கள் கையில் சரக்கோ ஃபியூச்சர்ஸோ இல்லாமல் கால் விற்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

படி 4: விரிதாளில் போட்டுப் பாருங்கள்

A2 கட்டத்தில் விலை, B2வில் கால், C2வில் புட்:

```
=(MAX(A2-4000,0)-150)*25
=(MAX(4000-A2,0)-150)*25
```

A நிரலில் 3,400 முதல் 4,600 வரை 50 வெள்ளி இடைவெளியில் போட்டு, இரண்டு சூத்திரங்களையும் கீழே வரை இழுத்து, A நிரலைக் கிடைக்கோட்டில் வைத்துக் கோட்டு வரைபடம் எடுங்கள். புரோக்கர் செயலிகள் தரும் படத்தைவிட முதலில் இதையே பரிந்துரைப்பேன். பல செயலிகள் இன்றைய மதிப்பையும் கடைசி நாள் மதிப்பையும் சேர்த்தே காட்டும். இன்றைய கோடு முறிவில்லாமல் வளைந்து, முறிந்த கோட்டுக்கு மேலே போகும். நடுவில் தெரியும் இடைவெளிதான் மீதமிருக்கும் காலத்தின் மதிப்பு. அது ஸ்ட்ரைக் அருகே மிக அகலம். நாள் குறையக் குறைய வளைவு முறிந்த கோட்டின்மேல் வந்து படியும். விலை கொஞ்சம் ஏறியும் உங்கள் கால் மலிவாகிப் போனால் காரணம் பெரும்பாலும் இதுதான்: காலம் கரைந்திருக்கும், அல்லது விலை இனி பெரிதாக ஆடாது என்று சந்தை நினைத்திருக்கும்.

படி 5: இரண்டு கோட்டைக் கூட்டுங்கள்

எண்ணெய் விற்க வைத்திருப்பவர் புட் வாங்கினால் என்ன ஆகும்? விலை 3,400 ஆனால் எண்ணெய்க்கு 3,400, புட் தருவது 600, பிரீமியம் 150 போக டன்னுக்கு 3,850. விலை 4,400 ஆனால் புட் வீண். 4,400இல் 150 போக 4,250. எந்த விலையிலும் 3,850க்குக் கீழே போகாது, மேலே தடையும் இல்லை. இடப்பக்கம் மட்டம், 4,000இல் முறிவு, வலப்பக்கம் ஏற்றம்: இது கால் வாங்கியவரின் வடிவமேதான், 4,000 வெள்ளி உயரத்தில் நிற்கிறது, அவ்வளவே. சரக்கும் புட்டும் சேர்ந்தால் கால் வடிவம் என்பதைப் பிடித்துக்கொண்டால் மற்றக் கூட்டணிகளையும் நீங்களே வரைந்துவிடலாம்.

பின்சேர்க்கை: வாரண்ட் வாங்குபவர்களுக்கு

"நான் புர்சாவில் பார்ப்பது கால் வாரண்ட் மட்டுமே, அதற்கும் இந்தப் படம் பொருந்துமா" என்று வாசகர்கள் சிலர் கேட்டார்கள். பொருந்தும். பெயரில் `-C` வருவது கால், `-H` வருவது புட். ஆனால் மாற்று விகிதத்தை மறக்கக்கூடாது. பயன்படுத்தும் விலை 4.80 வெள்ளி, விகிதம் 4க்கு 1, வாரண்ட் 12 சென் என்றால், ஒரு பங்குக்கு ஈடாக நான்கு வாரண்ட், அதாவது 48 சென். நட்டம் தீரும் விலை 4.92 அல்ல, 5.28. மேலும் பங்குகள் மீதான வாரண்டில் கடைசி மதிப்பைப் பெரும்பாலும் காலாவதிக்கு முந்தைய ஐந்து வர்த்தக நாள்களின் இறுதி விலைச் சராசரியை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். கடைசி நாளில் பங்கு குதித்தாலும் உங்கள் கணக்கில் வருவது அந்தச் சராசரியைப் பொறுத்ததே. கிடைக்கோட்டில் அந்தச் சராசரியைப் போட்டு வரையுங்கள்.