ஒரு வருட இன்சூரன்ஸ் பில்லைப் பன்னிரண்டாக வகுத்தால் மட்டும் போதாது

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு மொத்த ஜவுளிக் கடை, வில்லாபுரத்தில் அதன் குடோன் என்று வைத்துக்கொள்வோம். குடோனில் இருக்கும் சரக்குக்குத் தீ விபத்துப் பாலிசி எடுத்திருக்கிறார்கள். பிரீமியம் 73,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 13,140 ரூபாய், மொத்தம் 86,140. பில் தேதி 2024 ஆகஸ்ட் 6. பாலிசி ஆகஸ்ட் 17-ல் தொடங்கி 2025 ஆகஸ்ட் 16 நள்ளிரவு வரை ஓடும்.

இந்த 73,000-ஐ ஆகஸ்ட் மாதச் செலவாக மொத்தமாக எழுதக் கூடாது என்பது கடையில் கணக்கு எழுதும் பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். ஆடித் தள்ளுபடி முடியும் அந்த மாதம் நட்டத்தில் தெரியும், தீபாவளிச் சரக்கு ஓடும் அக்டோபர் இல்லாத லாபத்தைக் காட்டும். அதனால் பில்லை ‘பிரீபெய்டு இன்சூரன்ஸ்’ என்ற லெட்ஜரில் போட்டு, மாதாமாதம் ஒரு ஜர்னல் போட்டுச் செலவுக்கு மாற்றுகிறார்கள். இதுவரை சரி. தவறுகள் இதற்கு அப்புறம்தான் வருகின்றன.

எட்டு மாதத்தில் கணக்கை முடித்துவிடுவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். மார்ச் 31-ல் கணக்கு முடிகிறது, ஆகஸ்டிலிருந்து மார்ச் வரை எட்டு மாதம், ஆகவே 73,000-ஐ எட்டால் வகுத்து மாதம் 9,125 என்று எழுதிவிடுகிறார்கள். மார்ச் 31 அன்று பிரீபெய்டு லெட்ஜரில் பாக்கி பூஜ்யம். பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் தப்பு. பாலிசி அன்றைக்கு முடியவில்லை. ஏப்ரல் 1-லிருந்து ஆகஸ்ட் 16 வரை இன்னும் 138 நாள் பாதுகாப்பு மிச்சமிருக்கிறது.

73,000-ஐ 365 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 200 ரூபாய். 138 நாளுக்கு 27,600. இந்தத் தொகை ஐந்தொகையில் சொத்தாக நிற்க வேண்டும். மேலே சொன்ன வழியில் அது பூஜ்யமாகிவிட்டதால் அந்த வருட லாபம் 27,600 ரூபாய் குறைவாகத் தெரியும்.

இது பல வருடம் கண்ணில் படாமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. வருஷா வருஷம் இதே தப்பைச் செய்தால், இரண்டாம் வருடத்திலிருந்து ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய ஒரு முழு பிரீமியம் செலவில் வந்துவிடும். வருட மொத்தம் பழுதில்லாமல் தெரியும். மாத அறிக்கையைப் பார்த்தால்தான் பிடிபடும்: ஏப்ரல் முதல் ஜூலை வரை இன்சூரன்ஸ் செலவே இருக்காது, ஆகஸ்டிலிருந்து ஒன்றரை மடங்கு ஏறியிருக்கும். உங்கள் கணக்கில் இந்த நான்கு மாதங்கள் காலியாக இருந்தால், எங்கே தேட வேண்டும் என்று இப்போது தெரியும்.

பில் தேதியிலிருந்து எண்ணத் தொடங்குவது

ஆகஸ்ட் 6-ல் பில் வந்ததும் லெட்ஜரில் பதிய வேண்டியதுதான், பணம் அன்றைக்குத்தான் போனது. ஆனால் செலவு தொடங்குவது பாலிசியின் முதல் நாளில், அதாவது ஆகஸ்ட் 17-ல். இடையில் இருக்கும் நாட்களுக்குப் பழைய பாலிசியின் செலவு ஓடிக்கொண்டிருக்கும். மார்ச் 28-ல் பணம் கட்டி ஏப்ரல் 1-லிருந்து பாலிசி தொடங்கினால், மார்ச் 31-ல் முழு பிரீமியமும் பிரீபெய்டுதான், ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. புதுப்பிக்கும் பாலிசிக்கு முன்கூட்டியே பணம் கட்டும் கடைகளில் இந்தத் தப்பு சர்வசாதாரணம்.

மாதத்தின் நடுவில் தொடங்கும் பாலிசிக்கு நாள் கணக்கா, மாதக் கணக்கா என்று கேட்பார்கள். நம் கடைக்கு நாள் கணக்கில் ஆகஸ்டுக்கு 15 நாள், 3,000 ரூபாய். செப்டம்பருக்கு 6,000, அக்டோபருக்கு 6,200, இப்படியே போய் மார்ச் முடிய 227 நாளுக்கு 45,400 வரும். பன்னிரண்டாக வகுத்து ஆகஸ்டையும் முழு மாதமாகச் சேர்த்தால் 48,667 ஆகும். ஆகஸ்டை விட்டுவிட்டுச் செப்டம்பரிலிருந்து தொடங்கினால் 42,583. மூவாயிரம் ரூபாய் வித்தியாசத்துக்காக எந்த ஆடிட்டரும் சண்டைக்கு வரமாட்டார். மாதக் கணக்கில் போவது குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எல்லாப் பாலிசிக்கும் ஒரே முறை இருக்க வேண்டும், வருடக் கடைசியில் மட்டுமாவது நாள் கணக்கில் சரிசெய்துவிட வேண்டும். எக்செலில் போடுவதாக இருந்தால் நாள் கணக்கு ஒன்றும் கூடுதல் வேலை இல்லை:

```
=ROUND($D2*MAX(0,MIN($C2,F$1)-MAX($B2,EOMONTH(F$1,-1)+1)+1)/($C2-$B2+1),0)
```

B-யில் பாலிசி தொடங்கும் தேதி, C-யில் முடியும் தேதி, D-யில் பிரீமியம், முதல் வரிசையில் F-லிருந்து ஒவ்வொரு மாதத்தின் கடைசித் தேதி. பாலிசிக்கு ஒரு வரிசை. பைசா விட்டுப்போவதால் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் மிஞ்சினால் கடைசி மாதத்தில் தள்ளிவிடலாம்.

ஜிஎஸ்டியையும் சேர்த்துப் பரப்புவது

86,140 முழுவதையும் பிரீபெய்டில் போட்டு, மாதம் 7,178 என்று செலவெழுதுவதைப் பார்க்கலாம். கடை ஜிஎஸ்டியில் பதிவானது, குடோனில் இருப்பது விற்பனைக்கான சரக்கு. அப்படியென்றால் 13,140 செலவே அல்ல. பில் GSTR-2B-யில் வந்த மாதத்திலேயே அதை முழுதாக இன்புட் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ள வேண்டும், வரியைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பரப்பும் வேலை கிடையாது. பரப்ப வேண்டியது 73,000 மட்டும்.

```
பிரீபெய்டு இன்சூரன்ஸ்   பற்று   73,000
இன்புட் சிஜிஎஸ்டி      பற்று    6,570
இன்புட் எஸ்ஜிஎஸ்டி     பற்று    6,570
    வங்கி             வரவு   86,140
```

முதலாளியின் கார் பாலிசிக்கு இது அப்படியே தலைகீழ். 13 பேர் வரை உட்காரும் பயணிகள் வண்டிக்கான இன்சூரன்ஸில், டாக்ஸி மாதிரியான சில தொழில்களைத் தவிர, இன்புட் கிரெடிட் எடுக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. அந்த வரி செலவோடு ஒட்டிக்கொண்டுவிடும், எனவே பிரீமியத்தோடு சேர்த்துப் பரப்ப வேண்டும். சரக்கு ஏற்றும் வேனுக்கு இந்தத் தடை இல்லை.

இங்கே ஒரு கிளைச் சிக்கல். கேஷ் கிரெடிட் கணக்கு வைத்திருக்கும் கடைகளில் சில சமயம் வங்கியே சரக்குக்குப் பாலிசி எடுத்து, பிரீமியத்தைக் கணக்கிலிருந்து கழித்துவிடும். ஸ்டேட்மென்டில் ஒற்றைப் பதிவுதான் இருக்கும். கணக்கு எழுதுபவர் அதை வங்கிக் கட்டணத்தில் போட்டுவிடுவார். பிரீபெய்டும் போச்சு, வரியும் போச்சு. பாலிசியில் கடையின் ஜிஎஸ்டி எண் இல்லையென்றால் அந்தப் பில் GSTR-2B-யிலும் வராது. அதனால் ஸ்டேட்மென்டில் அப்படி ஒரு கழிவைப் பார்த்ததும் வங்கிக் கிளையில் பாலிசி நகலையும் வரிப் பில்லையும் கேட்டு வாங்குங்கள். எண் விடுபட்டிருந்தால் உடனே சேர்க்கச் சொல்லுங்கள். தாமதமானால் திருத்தி வாங்குவது பெரும்பாடு.

இடையில் வந்த கூடுதல் பிரீமியம்

பொங்கல் சரக்கு நிறைய இறங்கியதால் காப்பீட்டுத் தொகையை உயர்த்துகிறார்கள் என்று வையுங்கள். 2025 ஜனவரி 1 முதல் அமலுக்கு வரும்படி, வரி நீங்கலாக 11,400 ரூபாய்க்குக் கூடுதல் பில் வருகிறது. புதுப் பில் என்பதால் புதுசாகப் பன்னிரண்டு மாதத்துக்கு மாதம் 950 என்று எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் இது பழைய பாலிசியின் மேல் வந்த மாற்றம்தான், அதுவும் ஆகஸ்ட் 16-லேயே முடிகிறது. ஜனவரி 1 முதல் அதுவரை 228 நாள், நாளுக்கு 50 ரூபாய். பன்னிரண்டு மாதத்துக்கு இழுத்தால், பாலிசி முடிந்த பிறகும் டிசம்பர் வரை செத்த பாலிசிக்குச் செலவெழுதிக்கொண்டிருப்பீர்கள்.

ஆக ஜனவரியிலிருந்து நாள் செலவு 250. மார்ச் 31-ல் மிச்சம் 138 நாள். இரண்டையும் பெருக்கினால் 34,500. லெட்ஜரில் இருக்கும் பாக்கியும் அதேதானா என்று பாருங்கள். மிச்ச நாள் பெருக்கல் நாள் செலவு, இந்த ஒரே சோதனை இதுவரை சொன்ன தவறுகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் பிடித்துவிடும். வருடக் கடைசிக்கு என்று வைக்காமல் மாதாமாதம் செய்யலாம். பாலிசி ஐந்தாறு இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பெருக்கிக் கூட்ட வேண்டும்.

பாலிசியை நடுவில் ரத்து செய்தால், திரும்பி வரும் பணம் லெட்ஜர் பாக்கிக்குச் சமமாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பாலிசி நிபந்தனையைப் பொறுத்து குறைவாகவும் வரலாம். அந்தக் குறைவை அதே மாதத்தில் செலவெழுதி லெட்ஜரை மூட வேண்டும். திரும்பி வந்ததற்கான கிரெடிட் நோட்டில் உள்ள வரி அளவுக்கு, எடுத்த இன்புட் கிரெடிட்டையும் குறைக்க வேண்டும்.

கடைக்குப் புது ஸ்கூட்டர் வாங்கினால் ‘வருட பில்’ என்ற நினைப்பே பொய்த்துப்போகும். புது இருசக்கர வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து வருடத்துக்கு, காருக்கு மூன்று வருடத்துக்கு. வண்டியின் சொந்தச் சேதத்துக்கான பகுதி பல சமயம் ஒரு வருடத்துக்குத்தான். ஒரே பில்லில் இரண்டு காலம் இருக்கும், இரண்டு வரிசையாகப் பிரித்துப் பட்டியலில் போடுங்கள். தொகை ரொம்பச் சிறிதென்றால் நேரே செலவெழுதிவிடலாம், ஆனால் எவ்வளவுக்குக் கீழே அப்படி என்பதை முதலிலேயே முடிவு செய்து, அதே அளவை எல்லா வருடமும் வையுங்கள்.

ஏப்ரலில் மறந்துபோவது

மார்ச்சில் 34,500 பாக்கியைச் சரியாக நிறுத்திய கடைகூட ஏப்ரலில் வழுக்கும். புது வருடக் கணக்கு திறந்ததும் பழைய மாத ஜர்னல் கண்ணில் படாது. பாக்கி அப்படியே நிற்கும், ஆகஸ்டில் புதுப் பிரீமியம் அதன்மேல் ஏறும், லெட்ஜர் வீங்கிக்கொண்டே போகும். பாலிசி புதுப்பிக்கும் மாதம்தான் இதைப் பார்க்கச் சரியான நேரம். 2025 ஆகஸ்ட் 17 முதல் புதுப் பாலிசி, வரி நீங்கலாக 94,900 என்று வையுங்கள், நாளுக்கு 260. அந்த ஆகஸ்டில் செலவு இரண்டு துண்டாக வரும்: பழைய பாலிசிக்கு 16 நாள், 4,000 ரூபாய். புதியதற்கு 15 நாள், 3,900 ரூபாய். மொத்தம் 7,900. ஆகஸ்ட் 31-ல் லெட்ஜர் பாக்கி 350 நாளுக்கு 91,000 மட்டும் இருக்க வேண்டும். 1,25,500 என்று காட்டினால் ஏப்ரலிலிருந்து பழைய பாலிசிக்கு ஒருவரும் ஜர்னல் போடவில்லை, அதன் 34,500 அப்படியே உள்ளே கிடக்கிறது.